ஃபைலைத் திருப்பிக் கொடுங்கள்

வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து குணசுந்தரி கூலிம் நகரத் தொழிற்சாலையிலிருந்து வீடு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் லாயர் ஆபீஸ் ஆள் வசந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். கையில் ஒரு பழுப்பு உறை.

"அக்கா, லாயர் கொடுத்து விட்டாரு. பத்து வீட்டுக்காரங்களும் கடைசிப் பக்கத்தில கையெழுத்து போட்டுக் கொடுத்தா போதுமாம். ஞாயித்துக்கிழமை நான் வந்து எடுத்துக்கிறேன்."

"என்ன பேப்பர் தம்பி இது?"

"கேஸ் முடியிற பேப்பர்தான்க்கா. நல்லபடியா முடிச்சிட்டாரு லாயர்."

அவன் அடுத்த வேலைக்கு ஓடுகிறவன் போல வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆரன்டேல் தோட்டத்தின் அந்தத் தொழிலாளர் லயத்தில் ஒரே வரிசையாக மொத்தம் பத்து வீடுகள். தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, பத்துக் குடும்பங்களும் காலி செய்ய வேண்டுமென்று சுங்கை பட்டாணி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஆறு மாதமாகிறது. பத்துப் பேரும் பேசி ஒரே லாயராக சிவநேசனை அமர்த்தினார்கள். தமிழ் ஆள், பேர் எடுத்தவர், கோயில் திருவிழாவுக்கெல்லாம் வந்து மாலை போட்டுக்கொள்கிறவர். அவரிடம் கொடுத்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டாலும் "நான் பார்த்துக்கிறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்பார்.

குணசுந்தரி தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். இப்போது லைன் லீடர். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து போடக்கூடாது என்பது அவளுக்கு வேலையில் ஏறிப்போன பழக்கம். ஒரு எண் மாறினாலும் ஆயிரம் மின்சுற்றுப் பலகை குப்பைக்குப் போகும் இடம் அது. கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள்.

மேலே இருந்தது நீதிமன்ற உத்தரவின் வரைவு. இரு தரப்பும் சம்மதித்து, பிரதிவாதிகள் பத்துப் பேரும் தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்து கொடுப்பதாகவும், கம்பெனி நல்லெண்ணத்தின் பேரில் குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை கொடுப்பதாகவும். அந்த வரியை மறுபடி படித்தாள். சம்மதமா? யார் சம்மதித்தது?

அடியில் கிளிப்பில் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது அவர்கள் கைக்கு வரவேண்டிய தாளே இல்லை. கம்பெனியின் லாயர் சிவநேசனுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். 'தங்கள் கட்சிக்காரர்கள் அனைவரும் காலி செய்யச் சம்மதித்துவிட்டதாகத் தாங்கள் தொலைபேசியில் உறுதிப்படுத்தியதற்கு நன்றி. ஜூலை பதினெட்டாம் தேதி நீதிபதி முன் பதிவு செய்துகொள்வோம்.' கடிதத்தின் தேதி மூன்று வாரம் பழையது.

மூன்று வாரமாக, சம்மதம் சொன்னவர்கள் என்று லாயர்கள் நடுவே அவர்கள் பேர் அடிபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னவர்களுக்கே தெரியாது.

அவளுடைய அம்மா மருதம்மாள் முப்பத்தைந்து வருடம் இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது பழைய மேனேஜர், மாற்று வீடு தரும்வரை தொழிலாளர் இந்த வீடுகளில் இருக்கலாம் என்று கடிதம் கொடுத்திருந்தார். மருதம்மாள் பத்திரமாக வைத்திருந்த அசல் கடிதம் அது. சிவநேசன் கேட்டதால் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் மருதம்மாள்.

"நம்மள வித்துட்டாங்கம்மா. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலேயே."

வெள்ளிக்கிழமை காலை பத்து வீட்டுக்காரர்களும் குணசுந்தரி வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவள் இரண்டு தாளையும் வரிவரியாகத் தமிழில் சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. "நீ தப்பா படிச்சிருப்ப" என்றார் சுப்பிரமணியம். அவருடைய மகள் சாஃப்ட்வேர் படித்தவள், வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, அக்கா சொல்றது சரிதான்" என்றாள். பிறகு ஒரே கூச்சல்.

அய்யாவு மட்டும் அமைதியாக இருந்தார். பத்தாவது வீடு அவருடையது. கோயில் கமிட்டித் தலைவர். சிவநேசனைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தவரே அவர்தான்.

"லாயர் காரணம் இல்லாம செய்ய மாட்டாரு. நமக்குச் சட்டம் தெரியுமா? நாளு கிட்ட வந்த நேரத்தில வக்கீலை எதுத்துக்கிட்டா கேஸ் கவுந்துடும்."

"எதுத்துக்கல மாமா. கேக்கத்தான் போறேன்," என்றாள் குணசுந்தரி. "என் வாயை எடுத்து அவர் பேசியிருக்காரு. என் வாய்ல வந்த வார்த்தை எதுன்னு கேக்க எனக்கு உரிமை இல்லையா?"

இந்த மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஆபீஸ் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு குணசுந்தரியும் சுப்பிரமணியமும் சிவநேசன் ஆபீசில் இருந்தார்கள். பதினொன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்.

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சிரித்துக்கொண்டே, "அந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. பையன் கவனக்குறைவு," என்றார்.

"கடிதம் வந்தது தப்பா சார், அதில இருக்கிறது தப்பா?"

"குணசுந்தரி, இந்த வழக்கு ஜெயிக்காது. நிலம் கம்பெனி பேர்ல இருக்கு. நான் சண்டை போட்டு, தோத்து, நாளைக்கே தெருவுக்கு வர்றதைவிட, மூணு மாசம் டைம் வாங்கிக் கொடுத்திருக்கேன். நல்லதுதான் செஞ்சிருக்கேன்."

"ஜெயிக்காதுன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. தோத்தாலும் தோக்கிறோம்னு நாங்க சொல்லியிருப்போம், இல்ல சரி போறோம்னு சொல்லியிருப்போம். முடிவு எங்களுதுதானே?"

"எல்லாத்தையும் ஒவ்வொருத்தர்கிட்டயும் விளக்கிக்கிட்டிருக்க முடியுமா? தோட்டத்து ஜனங்க. ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க. பெரியவங்க எடுக்கிற முடிவு இது."

சுப்பிரமணியம் அறுபத்தாறு வயது மனிதர். அவரை முன்னால் வைத்துக்கொண்டு 'பெரியவங்க' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த நாற்பத்தெட்டு வயதுக்காரரைக் குணசுந்தரி நேராகப் பார்த்துக் கேட்டாள். "சார், நாங்க மார்ச்சு மாசம் பத்துப் பேரும் வந்து, சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்ட அஃபிடவிட் கோர்ட்டில கொடுத்தாச்சா?"

"எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு," என்றார் அவர். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கீழே இறங்கி வந்ததும் சுப்பிரமணியம் நடைபாதையில் நின்றுவிட்டார். "என்னமா, நம்மளை ஆட்டுக்குட்டி மாதிரி பாக்கிறாரு," என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. அதைக் கேட்டபோதுதான் குணசுந்தரி முடிவு செய்தாள்.

அதே தெருவின் மறுமுனையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, ஜரீனா என்ற லாயரின் ஆபீஸ் இருந்தது. தொழிற்சாலையில் சம்பளப் பிடித்தம் பற்றிய தகராறு ஒன்றில் குணசுந்தரியின் தோழிக்கு உதவியவள். முப்பத்து மூன்று வயதிருக்கும். அப்பா காஜா மைதீன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். குணசுந்தரி நீட்டிய தாள்களை அவள் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

"அக்கா, நான் ஒன்னு பாக்கணும்," என்று கணினிப் பக்கம் திரும்பினாள். நீதிமன்றப் பதிவில் அந்த வழக்கைத் தேட விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, கொஞ்ச நேரம் காத்திருந்து, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "கம்பெனிப் பக்கத்து அஃபிடவிட் இருக்கு. உங்க பக்கத்தில ஒன்னுமே இல்ல."

"ஒன்னுமே இல்லன்னா?"

"நீங்க பத்துப் பேரும் இந்த வழக்கில ஒரு வார்த்தைகூட பேசினதா கோர்ட்டுக்குத் தெரியாது. வாய் மூடிக்கிட்டு இருக்கிற மாதிரிதான் பதிவில இருக்கு."

குணசுந்தரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மார்ச்சு மாதம் ஒரு நாள் விடுமுறை எடுத்து, வெயிலில் பத்துப் பேரையும் இரண்டு மோட்டார் காடியில் ஏற்றிக்கொண்டு போய், சத்தியப் பிரமாண ஆணையர் கடையில் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. மருதம்மாளுக்கு மலாயில் எழுதியிருந்ததைத் தமிழில் படித்துச் சொல்லி, கைநாட்டு வாங்கியது. "நான் சொன்னது எல்லாம் உண்மைதான்யா" என்று அம்மா அந்த ஆணையரிடம் திருப்பித் திருப்பிச் சொன்னது.

"நீங்களே எடுத்து நடத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். ஆனா இப்ப இல்ல. முதல்ல நீங்க அவரை விடணும். நான் நடுவுல பூந்து இழுத்த மாதிரி இருக்கக் கூடாது. நீங்களே உங்க பேர்ல கடிதம் எழுதி, வேலையை முடிச்சுக்கிறோம்னு சொல்லுங்க. கட்சிக்காரர் எப்ப வேணாலும் லாயரை மாத்தலாம், அது உங்க உரிமை. காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அதுக்கு அப்புறம் நான் கோர்ட்டில லாயர் மாறினதுக்கான நோட்டீஸ் பதிஞ்சு, அவருக்கும் கம்பெனி லாயருக்கும் அனுப்புவேன். அது பதிவாகிற வரைக்கும் கோர்ட்டுக் கணக்கில அவர்தான் உங்க லாயர். அதனால நாளைக்குள்ள கடிதம் போகணும்."

"ஃபைலு?"

"கேளுங்க. உங்க அசல் தாள், ஏதாவது படம் கொடுத்திருந்தா அது, அந்த அஃபிடவிட், கோர்ட்டில வந்த எல்லாத் தாளும். அவர் கையால எழுதி வச்ச சொந்தக் குறிப்பு இருந்தா அது அவருது. ஒன்னு சொல்லிடறேன். அவருக்குக் கட்டணம் பாக்கி இருந்தா, பாக்கி தீர்ற வரைக்கும் ஃபைலைப் பிடிச்சு வச்சுக்க சட்டத்தில இடம் இருக்கு. பாக்கி இருக்கா?"

"இல்ல மேடம். முழுக் கட்டணமும் கட்டியாச்சுன்னு அவர் ஆபீஸ் சாப் முத்திரை குத்தின ரசீது பத்துப் பேர்கிட்டயும் இருக்கு."

"அப்போ எதையும் பிடிச்சு வைக்க அவருக்கு வழியில்ல," என்றாள் ஜரீனா.

அன்று சாயங்காலம் குணசுந்தரி உட்கார்ந்து எழுதினாள். முதலில் எழுதியது இரண்டு பக்கம். துரோகம், நம்பிக்கை, கடவுள், அம்மாவின் முப்பத்தைந்து வருடம் எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடித்தபோது மனசு லேசானது போல இருந்தது. படித்துப் பார்த்தபோது, இதையும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே படிப்பான் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டு மலாயில் புதிதாக எழுதினாள்:

'கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள், இந்த வழக்கில் தங்களை எங்கள் வழக்கறிஞராக அமர்த்தியதை இன்றோடு முடித்துக்கொள்கிறோம். வீடுகளைக் காலி செய்ய நாங்கள் சம்மதிக்கவில்லை. அப்படிச் சொல்லத் தங்களுக்கு நாங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை. எங்கள் சார்பில் எந்தச் சம்மத உத்தரவையும் தாங்கள் பதிவு செய்யக் கூடாது. எங்கள் அசல் ஆவணங்கள் உட்பட வழக்கின் முழு ஃபைலையும் இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டது. ரசீது நகல் இணைத்துள்ளோம்.'

வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். ஒன்பது வீட்டில் போட்டார்கள். பத்தாவது வீட்டில் அய்யாவு தாளை வாங்கவே இல்லை.

"குணா, நீ சின்ன வயசிலேருந்தே அவசரக்காரி. சம்மதம்னு எழுதித் தந்தா கொஞ்சம் காசாவது கிடைக்கும். இது எல்லாம் எழுதினா அதுவும் போச்சு."

"மாமா, அவரு உங்ககிட்ட கேட்டாரா? காலி பண்றீங்களான்னு ஒரு வார்த்தை?"

"கேக்கல. ஆனா அவருக்குத் தெரியும்."

"உங்க வீட்டை விட்டுப் போறது அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

அய்யாவுவின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குணசுந்தரி திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை காலை கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். ஒன்று கொடுக்க, ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சாப் வாங்க. தபாலிலும் ஒன்று பதிவு செய்து அனுப்பியிருந்தாள். முகப்பில் சாந்தினி என்ற பெண் கிளார்க் இருந்தாள். கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் அவள் கண்கள் உள்ளறைக் கதவுக்குப் போயின.

"அக்கா, லாயர் இல்ல. அவரு வந்ததும் கொடுங்க."

"கொடுக்க வந்தது ஆபீசுக்கும்மா. லாயர் முகத்தைப் பாக்க இல்ல. தேதி போட்டு சாப் குத்துங்க."

"என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கடிதம் வந்தது, வாங்கினேன்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே?"

உள்ளறையிலிருந்து சிவநேசனின் குரலே கேட்டது: "யாரு சாந்தினி?" குணசுந்தரி அப்படியே நின்றாள். சாந்தினியின் முகம் சிவந்தது. இல்லை என்று தான் சொன்ன ஆள் உள்ளேயே இருக்கிறார் என்பது தெரிந்துபோனதே என்ற கூச்சமாக இருக்கலாம். சட்டென்று சாப்பை எடுத்துக் குத்தினாள், தேதி எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். குரலைத் தணித்துக்கொண்டு, "போங்கக்கா. சீக்கிரம்," என்றாள்.

மறுநாளே ஜரீனா ஒன்பது பேர் சார்பாக நோட்டீசைப் பதிந்துவிட்டாள். அதைச் சிவநேசனுக்கும் கம்பெனி லாயருக்கும் சேர்ப்பித்தாள். புதன் வந்தது. ஃபைல் வரவில்லை. வியாழன் ஒரு கடிதம் வந்தது: பத்தாவது பிரதிவாதி இன்னும் தம் கட்சிக்காரர், ஃபைல் பத்துப் பேருக்கும் பொதுவானது, ஆகவே தர இயலாது. அதோடு நகல் எடுத்தது, பயணம் போனது எல்லாம் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

"நம்ம தாளை நமக்குக் கொடுக்காம இருக்க அய்யாவு மாமா பேரைச் சொல்றான் பாரு," என்று குணசுந்தரி கொதித்தாள்.

ஜரீனா நிதானமாகப் பதில் எழுதினாள். ஒன்பது பேர் கொடுத்த அசல் ஆவணங்கள் அவர்களுடையவை. பத்தாமவருக்குத் தேவையான பொதுத் தாள்களை நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். முழுக் கட்டணமும் செலுத்தப்பட்டதாகத் தம் ரசீதிலேயே சொல்லியிருக்கும்போது, இதுவரை அனுப்பாத கணக்கைக் காட்டி ஃபைலைத் தடுக்க முடியாது. அதற்கும் பதில் இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் ஓடின. செவ்வாய் பதினெட்டாம் தேதி.

நீதிமன்றத்தில் ஒன்பது பேரும் போய் நின்றார்கள். மருதம்மாள் முழங்கால் வலியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அய்யாவு தூரத்தில் தனியாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். சிவநேசன் வந்தார். அவர்களைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனார்.

வழக்கு எண் கூப்பிட்டதும் லாயர்கள் நீதிபதியின் முன் போனார்கள். வழக்கில் உள்ளவர்களும் வரலாம் என்று மொழிபெயர்ப்பாளர் கூப்பிட, பின்னால் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்றார்கள். சிவநேசன் நீதிபதியை மரியாதையாக விளித்து மலாயில் ஆரம்பித்தார்: "யாங் ஆரிஃப், பத்துப் பிரதிவாதிகளும் ஜூன் மாதமே சம்மதித்துவிட்டார்கள். சமீபத்தில் வெளியார் தூண்டுதலால் சிலருக்குக் குழப்பம்..."

வெளியார்! குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஜரீனா எழுந்தாள். "யாங் ஆரிஃப், ஒன்று முதல் ஒன்பது வரையிலான பிரதிவாதிகளுக்கு நான் ஆஜராகிறேன். பத்தாம் தேதி அவர்கள் இவரை விடுவித்துக் கடிதம் கொடுத்தார்கள். அதில் இவர் ஆபீஸ் சாப் இருக்கிறது. பதினொன்றாம் தேதி நோட்டீஸ் பதிவாகி, சேர்ப்பிக்கப்பட்டது. என் கட்சிக்காரர்கள் சம்மதிக்கவில்லை. ஒன்பது பேரும் இங்கே நிற்கிறார்கள்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். நடுவயதுப் பெண்மணி. "கடிதம் வாங்கினீர்களா?" என்று சிவநேசனைக் கேட்டார்.

"வாங்கினோம். ஆனால்..."

"அப்படியானால் இந்த ஒன்பது பேருக்காக நீங்கள் பேச முடியாது. ஃபைலைக் கொடுத்தீர்களா?"

"பத்தாவது பிரதிவாதி..."

"கொடுத்தீர்களா, இல்லையா?"

"இன்னும் இல்லை, யாங் ஆரிஃப்."

"வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். ஒன்பது பேரின் அஃபிடவிட் போட இரண்டு வாரம் தருகிறேன்." கம்பெனி லாயர் எழுந்து, இவர்களுக்கு இவ்வளவு நாள் அவகாசம் இருந்ததே என்று ஆட்சேபித்தார். பதிவு செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த தேதியை எழுதினார்.

அய்யாவு பக்கம் திரும்பி, பத்தாமவர் சம்மதத்தைத் தாமே சொல்கிறாரா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டபோது அய்யாவு சிவநேசனைப் பார்த்தார். சிவநேசன் தலையசைத்தார். "சம்மதம்," என்றார் அய்யாவு. அவருக்கு மட்டும் தொண்ணூறு நாள் உத்தரவு அங்கேயே பதிவாயிற்று.

வியாழக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு வசந்தன் ஒரு அட்டைப்பெட்டியை ஜரீனா ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் போனான். ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பட்டியல் போட்டார்கள். பழைய மேனேஜரின் கடிதம் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. குணசுந்தரிக்கு மூச்சு வந்தது. அதற்கு அடியில் அஃபிடவிட். பத்துப் பேர் கையெழுத்து, அவற்றில் ஒன்றாக அம்மாவின் நீலமைக் கைநாட்டு, ஆணையரின் முத்திரை, மார்ச்சு மாதத் தேதி. எல்லாம் அப்படியே. மடிப்புக்கூட விழவில்லை. நான்கு மாதம் ஒருவரும் தொட்டதில்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

"சோம்பேறித்தனமா, இல்ல வேணும்னே செஞ்சாரா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"தெரியாதுக்கா. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

"எதுவா இருந்தாலும் ஒன்னுதான் மேடம். எங்கம்மா உண்மை உண்மைன்னு சொல்லி வச்ச கை இது. இதை டிராயரில போட்டு மூடிட்டு, எங்க சம்மதத்தை மட்டும் வெளியே அனுப்பியிருக்காரு."

அவள் அழவில்லை. அழுதால் ஆத்திரம் குறைந்துவிடும் என்று பயந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். பிறகு, சிவநேசன் மேல் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்துக்குப் புகார் எழுத என்னென்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். புகார் அனுப்பி, வாரியத்திலிருந்து பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அது நடக்கும்போது நடக்கும் என்றாள் ஜரீனா. இன்றுவரை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டு வழக்கு அப்படி இழுக்கவில்லை. ஜரீனா அந்த அஃபிடவிட்டோடு மேனேஜர் கடிதத்தையும் சேர்த்துப் பதிந்தாள். அனுமதியில்லாமல் குடியேறியவர்களைச் சீக்கிரமாக வெளியேற்றுவதற்கான குறுக்கு வழியில் கம்பெனி வந்திருந்தது. இவர்கள் அனுமதியோடு குடியிருந்தவர்கள், கடிதமே இருக்கிறது, இதைச் சாட்சி விசாரிக்காமல் முடிக்க முடியாது என்று நீதிபதி அக்டோபர் தொடக்கத்தில் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். கம்பெனி வேண்டுமானால் முறையான வழக்குப் போட்டு விசாரணைக்கு வரட்டும். வெற்றி என்று யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. கம்பெனி மறுபடியும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த முறை அவர்கள் சொன்னது பதிவில் இருந்தது.

அடுத்த வாரம் அய்யாவுவின் தொண்ணூறு நாள் முடிந்தது. சனிக்கிழமை காலை ஒரு சின்ன லோரி வந்து நின்றது. மகன் வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார்கள். ஒன்பது வீட்டுக்காரர்களும் சாமான் தூக்க வந்தார்கள். மருதம்மாள் காலையிலேயே சமைத்து, பசியாற அனுப்பியிருந்தாள். குணசுந்தரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அய்யாவு அவளைத் தனியே நிறுத்தினார். முகம் சுருங்கியிருந்தது.

"குணா, அந்தக் கடிதம். நீங்க ஒன்பது பேரும் எழுதினீங்களே. அது மாதிரி ஒன்னு எனக்கும் எழுதித் தர்றியா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் அவருக்கே போகாமல், அங்கு இல்லாத வேறொருவர் மேல் போய் விழுந்தது.

"மாமா, லாயரை விடலாம். இன்னிக்கே எழுதறேன். ஆனா கோர்ட்டில நீங்களே சம்மதம்னு சொல்லிட்டீங்க. உத்தரவு பதிவாயிருச்சு. ஒரு கடிதம் அதை எடுத்துப் போடாது."

"கேட்டப்ப அவரு தலையசைச்சாரு. நான் சரின்னேன்," என்றார் அய்யாவு. "அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்ல."

"புதன்கிழமை எனக்கு லீவு. ஜரீனா மேடத்துகிட்ட கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு விளக்காம சம்மதம் வாங்கினாங்கன்னு தனியா வழக்குப் போட முடியுமான்னு கேப்போம். கஷ்டம்னுதான் சொல்வாங்க. இருந்தாலும் கேப்போம். புகாரிலயும் உங்க பேரைச் சேப்போம்."

லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். அய்யாவு பத்தாவது வீட்டுக் கதவைப் பூட்டினார். சாவியை வாங்கிக்கொள்ளக் கம்பெனியின் ஆள் ஒருவன் காடியில் உட்கார்ந்தே காத்திருந்தான், இறங்கக்கூட இல்லை. அய்யாவு காடி ஜன்னல் வரை நடந்து போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

குணசுந்தரி உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து, லோரியின் பின்பலகை மேல் வைத்து எழுதத் தொடங்கினாள். 'கீழே கையெழுத்திட்டிருக்கும் நான்...' அய்யாவு பக்கத்தில் நின்று, அவள் எழுதும் ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லச் சொன்னார். எல்லா வரியும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.